ஒரே வளைவு, பல இடங்கள்

y = 1/x வரைபடத்தை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிட்டால் போதும். x 1 என்றால் y 1; x 10 என்றால் y 0.1, x 0.1 என்றால் y 10. வளைவு இரண்டு அச்சுகளையும் நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. எதிர்ம எண்களுக்கு இதே வடிவம் எதிர்மூலையில் வரும். நெருங்கியும் தொடாத அந்தக் கோடுகள்தான் தொலைத்தொடுகோடுகள்.

இப்போது y = (2x+1)/(x−1). பார்க்கப் புதுசு, ஆனால் பழைய வளைவுதான். 2x+1 என்பதை 2(x−1)+3 என்று எழுதி x−1-ஆல் வகுத்தால்

y = 2 + 3/(x−1)

அதாவது 1/x-ஐ மேல்கீழாக மூன்று மடங்கு இழுத்து, வலப்பக்கம் 1, மேலே 2 நகர்த்தியிருக்கிறோம். எனவே முதலில் x = 1, y = 2 என்ற கோடுகளைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். பிறகு (2, 5), (4, 3). இடப்பக்கம் (0, −1), (−2, 1). நான்கு புள்ளிகளே வளைவைக் காட்டிவிடும்.

பலர் சறுக்குவது x−1-ஐப் பார்த்து இடப்பக்கம் நகர்த்துவதில்தான். பகுதி எங்கே பூச்சியமாகிறது என்று பார்த்தால் குழப்பமில்லை. மீதி எதிர்ம எண்ணானால், (2x−5)/(x−1) போல, வளைவு கவிழ்ந்து மற்ற இரு மூலைகளுக்குப் போய்விடும்.

மீதியே இல்லாவிட்டால்? (2x−2)/(x−1) வளைவே அல்ல; y = 2 என்ற நேர்கோடு, x = 1-இல் மட்டும் ஒரு ஓட்டை.