பில்லோடு சேர்த்துக் கேட்காதீர்கள்

ஏசி பழுதுபார்த்து முடித்த மெக்கானிக், பில்லை நீட்டும்போதே "சார், அப்படியே கூகுள்ல ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டுருங்க" என்று கேட்பதை இப்போது பல வீடுகளில் பார்க்கலாம். வீட்டுக்காரரும் "போடறேம்ப்பா" என்பார். பெரும்பாலும் போட மாட்டார். வேலையில் குறை என்பதால் அல்ல. கசிவை அடைத்து கேஸ் நிரப்பிய ஏசி நின்று குளிர்கிறதா என்பது இரண்டு மூன்று இரவுகள் ஓடிய பிறகுதான் தெரியும். தெரியாத ஒன்றுக்கு அவரிடம் நற்சான்று கேட்கிறார்கள், அதுவும் அவர் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது.

கேட்பதற்குச் சரியான நேரம், வேலையின் பலனை வாடிக்கையாளர் அனுபவித்த பிறகு வருகிறது. தையல்காரருக்கு அது ரவிக்கை கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாள். கேட்டரிங் நடத்துபவருக்குப் பந்தி முடிந்து, வீட்டார் ஓய்ந்து உட்கார்ந்த அடுத்த நாள். ஏசிக்கு மூன்றாம் நாள்.

அந்த மூன்றாம் நாளில் மெக்கானிக் அனுப்ப வேண்டிய முதல் வாட்ஸ்அப் செய்தியில் ரிவ்யூ என்ற பேச்சே வேண்டாம். "வணக்கம் சார். திங்கட்கிழமை உங்கள் ஹால் ஏசிக்கு கேஸ் நிரப்பினேன். இப்போது நன்றாகக் குளிர்கிறதா?" இவ்வளவு போதும். "ராத்திரி முழுக்க ஜில்லுனு இருக்குப்பா" என்று பதில் வந்தால் இரண்டாவது செய்தி: "சந்தோஷம் சார். நேரம் கிடைக்கும்போது, ஏசிக்கு என்ன பிரச்சினை இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி இந்த லிங்க்கில் எழுத முடியுமா? தமிழிலேயே எழுதலாம்."

இந்தச் செய்தியில் ஸ்டார் எண்ணிக்கை இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. வெற்றுப் பெட்டியைப் பார்த்தவுடன் என்ன எழுதுவதென்று தெரியாமல் பலர் மூடிவிடுகிறார்கள். எழுதினாலும் "குட் சர்வீஸ்" என்பதோடு நின்றுவிடும். "முன்பு என்ன, இப்போது என்ன" என்று கேட்டால் பதில் தானாக வரும். படிப்பவருக்கும் அதுதான் பயன். தன் வீட்டு ஏசியும் அதே கோளாறில் இருப்பவர், அந்த இரண்டு வரியைப் படித்துத்தான் போன் செய்வார்.

லிங்க்கை வாங்குவது எளிது. கூகுளில் கடையைப் பதிவு செய்தவர்கள் அந்தக் கணக்கில் ரிவ்யூ கேட்கும் பகுதியைத் திறந்தால் லிங்க்கும் கியூஆர் கோடும் கிடைக்கும். அதைத் தொட்டவுடன் எழுதும் இடமே திறக்கும். கடையின் பெயரை வாடிக்கையாளர் தேட வேண்டியதில்லை. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் போனால் அது தொல்லை.

"குளிரவே இல்லை" என்று பதில் வந்தால்? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மகிழ்ச்சியாக இருப்பவருக்கு மட்டும் லிங்க், மற்றவர்களுக்கு மௌனம் என்று பிரிப்பதை கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. போய்ப் பார்த்து, கோளாறைச் சரிசெய்துவிட்டு, அவருக்கும் அதே லிங்க்கை அனுப்புவதுதான் முறை. ஒரு மோசமான ரிவ்யூவுக்கு அஞ்சி கேட்காமலே இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. எட்டுப் பேரில் ஒருவர் ஒரு ஸ்டாரும் மற்றவர்கள் ஐந்தும் கொடுத்தால் சராசரி 4.5. நாற்பது பேரில் அப்படி ஒருவர் இருந்தால் 4.9. எல்லோரிடமும் கேட்பதே அந்த ஒருவருக்கான மருந்து.

ரிவ்யூ போட்டால் அடுத்த சர்வீஸில் தள்ளுபடி என்பதற்கும் கூகுளில் இடமில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் இணைய ரிவ்யூக்களுக்கென வெளியிட்ட ஐஎஸ் 19000 தரமும் காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூக்களை வெளியிடக்கூடாது என்கிறது. உறவினர்கள் ஒரே நாளில் ஒரே மாதிரி எழுதிக் குவித்தால் கூகுள் நீக்குவதற்கு முன்பே படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார்: கோளாறு என்ன, எந்த அறை, எத்தனை நாளில் சரியானது என்று எதுவுமே அவற்றில் இருக்காது.

கடையின் நோட்டீஸிலோ போர்டிலோ போடும் நற்சான்று வேறு வகை. அங்கே நல்ல வார்த்தைகளைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை, ஏனென்றால் அது விளம்பரம் என்று படிப்பவருக்குத் தெரியும். அதற்குப் புதிதாக எழுதச் சொல்லவும் வேண்டாம். "ராத்திரி முழுக்க ஜில்லுனு இருக்குப்பா" என்ற பதிலே கையில் இருக்கிறது. "சார், நீங்கள் அனுப்பிய இந்த வரியை நோட்டீஸில் போடலாமா? பெயர் போடலாமா, ஊர் மட்டும் போதுமா?" என்று அந்த வரியையும் சேர்த்து அனுப்பிக் கேட்க வேண்டும். அவர் சரி என்று எழுதிய பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. மறுத்தால் அந்த வரி வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும்.