12 சதவீதம் என்று சொன்ன கடன்

கடையை விரிவாக்க 1,20,000 ரூபாய் கடன். ஓராண்டுத் தவணை, 12 சதவீத ‘பிளாட்’ வட்டி. வட்டி 14,400, மாதத் தவணை 11,200. கேட்க மலிவுதான். ஆனால் மாதாமாதம் அசல் கரைகிறது. கடைசி மாதம் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 11,000 ரூபாய்க் கடன்தான். வட்டியோ முழுத் தொகைக்கும் ஓடுகிறது. குறையும் நிலுவைக்கு மட்டும் அதே 12 சதவீதம் போட்டால் மொத்த வட்டி சுமார் 7,940தான்.

அந்த பிளாட் கடனைக் குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். செயலாக்கக் கட்டணம் 2,400 பிடித்துக்கொண்டு 1,17,600 மட்டும் தந்தால், 25 சதவீதத்தையும் தாண்டும். எக்செலில் நீங்களே பார்க்கலாம்:

```
=RATE(12,-11200,117600)*12
```

ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் முதல் சிறுதொழில் கடன்களுக்குத் தரவேண்டிய முக்கிய விவரத் தாளில் இந்த ஆண்டு விகிதம் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.