ஒரு பவுன் பில்லில் எவ்வளவு தங்கம்?

சென்ற மாதம் அத்தையோடு நகைக்கடைக்குப் போயிருந்தேன். இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய கல் வைத்த ஆரத்தை விற்க வேண்டியிருந்தது. தராசில் 24 கிராம் காட்டியது. கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து, உருக்கிப் பார்த்து, கடைசியில் 20 கிராமுக்குத்தான் விலை போட்டார்கள். "மூணு பவுன்னு சொல்லித்தானேப்பா வாங்கினேன்" என்று கேட்ட அத்தையின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தங்கத்தில் சேமிப்பவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நான் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு தங்கமாகிறது, அதில் எவ்வளவு கைக்குத் திரும்பும்?

கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் 80,000. சேதாரம், செய்கூலி சேர்த்து 12 சதவீதம் என்றால் 9,600. மொத்தத்தின் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,688. பில் 92,288 ரூபாய். மறுநாளே விற்கப் போனால் 2 சதவீதம் கழித்து 78,400 தருவார்கள். அதாவது தங்கம் சுமார் 18 சதவீதம் ஏறிய பிறகுதான் போட்ட முதலே திரும்பும். கல் வைத்த நகையாக இருந்தால் இன்னும் மோசம்.

நாணயத்தில் இந்தச் சேதம் குறைவு. ஜிஎஸ்டி, சிறிய கூலி, விற்கும்போது கழிவு எல்லாம் சேர்ந்து 7 சதவீதம் போல வரும். எதை வாங்கினாலும் ஆறு இலக்க எச்யூஐடி எண் இருக்கிறதா என்று பாருங்கள். நகைக்கு அது 2023 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

கோல்டு இடிஎஃப் என்பது பங்குச் சந்தையில் யூனிட்டாக விற்கும் தங்கம். நம் பணத்துக்கு ஈடாக நிதி நிறுவனம் சுத்தத் தங்கத்தைப் பெட்டகத்தில் வைத்திருக்கும். வாங்க டீமேட் கணக்கு வேண்டும். அது இல்லாதவர்கள் கோல்டு ஃபண்டில் மாதம் 500 ரூபாய்கூடப் போடலாம். ஃபண்டு அந்தப் பணத்தை இடிஎஃப்பில் போடும் என்பதால் செலவு இரண்டு அடுக்காக விழும். யூனிட் வாங்க ஜிஎஸ்டி இல்லை, சேதாரமும் இல்லை. ஆனால் ஆண்டுச் செலவு உண்டு. அது 0.6 சதவீதம் என்றால் பத்து ஆண்டில் ஏறக்குறைய 6 சதவீதம் கரையும். பத்து ஆண்டைத் தாண்டினால் நாணயத்துக்கும் இடிஎஃப்புக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. லாக்கர் வாடகையும் திருட்டு பயமும்தான் வித்தியாசம்.

நகைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒரு மணி நேரத்தில் அடகு வைத்துவிடலாம். இடிஎஃப், கோல்டு ஃபண்டு யூனிட்டுகளின் மேல் கடன் கொடுக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அவற்றை விற்கத்தான் வேண்டும். லாபத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்கு இடிஎஃப்பை ஓராண்டுக்கு மேலும், ஃபண்டையும் நகையையும் இரண்டு ஆண்டுக்கு மேலும் வைத்திருந்திருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் மிஞ்சியது அரசின் தங்கப் பத்திரம்தான். 2015 நவம்பரில் முதல் வெளியீட்டில் கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியவருக்கு, 2023 நவம்பரில் 6,132 ரூபாய் கிடைத்தது. அந்த லாபத்துக்கு வரி இல்லை. நடுவில் ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டியும் வந்தது. அதற்கு மட்டும் வரி உண்டு. சேதாரம் இல்லை, செலவு இல்லை, வைத்திருப்பதற்குக் கூலி நமக்கே வந்தது!

வருத்தம் என்னவென்றால், 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய பத்திரம் வெளிவரவில்லை. பழைய பத்திரங்கள் சந்தையில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் 2.5 சதவீத வட்டி அன்றைய வெளியீட்டு விலைக்குத்தான். 5,000 ரூபாய்க்கு வெளியான பத்திரத்தை 15,000 கொடுத்து வாங்கினால் ஆண்டுக்கு வருவது 125 ரூபாய், ஒரு சதவீதம்கூட இல்லை. அதோடு 2026 பட்ஜெட்டின்படி, வெளியீட்டிலேயே வாங்கி எட்டு ஆண்டு முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு மட்டுமே வரி விலக்கு. சந்தையில் வாங்கியவருக்கும், ஐந்தாம் ஆண்டில் பணமாக்குபவருக்கும் அது கிடையாது.

ஆகவே, வீட்டில் பத்திரம் இருந்தால் முதிர்வு நாள் வரை தொடாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர், பெண்ணுக்குப் பத்தாண்டு கழித்துத் தேவைப்படும் தங்கத்தை இடிஎஃப்பிலோ ஃபண்டிலோ சேர்க்கட்டும். இன்றே நகையாக வாங்கினால், கல்யாணத்தின்போது மாடல் பழசாகிவிட்டதென்று உருக்கி, சேதாரத்தை இரண்டாம் முறையும் கொடுக்க நேரும். அவசரத்துக்கு அடகு வைக்க நான்கைந்து பவுன், கல் இல்லாத சங்கிலியாக, கையில் இருந்தால் போதும்.