ஒரு ரப்பர் வளையத்தை நம்பி

பெரிய குடிநீர்க் குழாய் பதிக்கும் இடத்தில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வெல்டிங் பொறி பறக்கவில்லை, போல்ட் முடுக்கவில்லை. ஒரு குழாயின் அகன்ற வாய்க்குள் அடுத்த குழாயின் நுனியைத் தள்ளுகிறார்கள், வேலை முடிந்துவிடுகிறது. இது தண்ணீரைத் தாங்குமா?

தாங்கும். அகன்ற வாய்க்கு சாக்கெட் என்றும், உள்ளே போகும் நுனிக்கு ஸ்பிகாட் என்றும் பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. 1950களில் அமெரிக்காவில் வந்த இந்த முறைக்கு முன்னால், இடைவெளியில் சணலைத் திணித்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, உளியால் அடித்து இறுக்குவார்கள். பள்ளத்தில் ஈரம் இருந்தால் கொதிக்கும் ஈயம் தெறிக்கும். மண் சற்று இறங்கினாலே இணைப்பு கசியத் தொடங்கும்.

குழாயின் இரும்பும் அதே காலத்தில்தான் மாறியது. பழைய வார்ப்பிரும்பில் கரி மெல்லிய செதில்களாகப் பரவியிருக்கும். விரிசல் அந்தச் செதில்களைப் பிடித்துக்கொண்டே ஓடும். உருகிய இரும்பில் சிறிதளவு மெக்னீசியம் சேர்த்தால் அதே கரி உருண்டைகளாகத் திரள்கிறது, விரிசலுக்கு வழி கிடைப்பதில்லை. கீத் மில்லிஸ் என்ற அமெரிக்கர் 1943இல் கண்டது இது. பாரம் ஏறினால் உடைந்து தெறிக்காமல் சற்று வளைந்து கொடுக்கும் இந்த இரும்பில் செய்ததைத்தான் டி.ஐ. பைப் என்கிறோம். தமிழக எல்லையைத் தாண்டினால் காளஹஸ்திக்கு அருகிலேயே இதற்கொரு தொழிற்சாலை உண்டு.

600 மி.மீ. குழாய் ஒன்றை இணைப்பதைப் பார்ப்போம். நீளம் ஐந்தரை மீட்டர், எடை ஏறக்குறைய ஒரு டன். பள்ளத்தின் தரையில் சாக்கெட் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் குழிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயின் முழுப் பாரமும் சாக்கெட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

அடுத்தது சுத்தம். சாக்கெட்டின் உள்ளே ரப்பர் உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் மணலோ, திரண்ட பெயின்டோ ரப்பரைத் தூக்கிவிட்டால் அங்கே கசிவு நிச்சயம். பெரும்பாலான தவறுகள் இந்தச் சில நிமிட வேலையில்தான் நடக்கின்றன.

ரப்பர் வளையத்தை இதய வடிவில் மடக்கி உள்ளே வைத்து, கையை எடுத்தால் விரிந்துகொள்ளும். கடினமான விளிம்பு பள்ளத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், தடித்த மென்மையான பகுதி உட்புறமாகப் போக வேண்டும். சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்து, எங்கும் மேடு இல்லை என்று தெரிந்த பிறகே ரப்பரின் உட்பரப்பிலும் ஸ்பிகாட்டிலும் சோப்புப் பசை தடவுவார்கள். கைக்கு வந்த கிரீஸைத் தடவக் கூடாது, கனிம எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். ரப்பருக்குப் பின்னால் பசை போனாலும் ஆபத்துதான், தள்ளும்போது வளையம் வழுக்கி இடம் மாறிவிடும்.

பிறகு இரண்டு குழாய்களையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, செயின் பிளாக்கால் இழுப்பார்கள். ஸ்பிகாட்டில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்கும். முதல் கோடு சாக்கெட்டுக்குள் மறைந்து, இரண்டாவது கோடு வாயருகே தெரிந்தால் ஆழம் சரி. தளத்தில் அறுத்த குழாய் என்றால் இரண்டு வேலை கூடுதல்: கோட்டைத் தாங்களே போட வேண்டும், நுனியைச் சாய்வாகச் சீவ வேண்டும். சீவாத கூர்விளிம்பு ரப்பரைக் கத்திபோல் வெட்டிவிடும்.

வளையம் உள்ளே புரண்டிருந்தால் எப்படித் தெரியும்? மெல்லிய உலோகத் தகடு ஒன்றை இடைவெளியில் விட்டு, ரப்பரைத் தொடும் ஆழத்தைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஆழம் என்றால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் தகடு ஆழமாக இறங்கினால் கழற்றி மறுபடி மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தண்ணீர் விட்ட பிறகு அழுத்தமே ரப்பரை மேலும் இடைவெளிக்குள் நெருக்கும், அழுத்தம் கூடக் கூட இறுக்கமும் கூடும்.

சாலை லேசாக வளைந்தால் குழாயும் வளையும். இந்த அளவுக் குழாய் இணைப்பில் இரண்டரை டிகிரி திருப்பலாம், அதாவது மறுமுனை 24 செ.மீ. நகரும். ஆனால் நேராகச் செருகிய பிறகே திருப்ப வேண்டும்.

இந்த இணைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. தள்ளினால் சேரும், இழுத்தால் கழன்றுவிடும். 10 பார் அழுத்தத்தில் 90 டிகிரி வளைவை வெளியே தள்ளும் விசை சுமார் 45 டன். அதனால்தான் வளைவுகளின் முதுகில் பெரிய கான்கிரீட் கட்டை போட்டு, அந்த விசையை மண்ணுக்குக் கடத்துகிறார்கள். கேபிளுக்கோ கழிவுநீருக்கோ பள்ளம் தோண்டுகிறவர்கள் அந்தக் கட்டையையும் அதன் பின்னால் இருக்கும் மண்ணையும், குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது தயவுசெய்து தொடாதீர்கள்.