250 கிராமுக்குள் ஒரு ட்ரோன்

2019-ஆம் ஆண்டு டிஜேஐ நிறுவனம் ‘மாவிக் மினி’ என்ற சிறிய ட்ரோனை அறிமுகப்படுத்தியபோது, கேமராவுக்கு இணையாக அதன் எடையையும் முன்னிறுத்தியது. அந்த எடை 249 கிராம். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் ட்ரோன் 250 கிராமை எட்டினால் அதைப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளும் 250 கிராமும் அதற்குக் குறைவும் உள்ளவற்றை ‘நானோ’ வகையாகத் தனியே பிரிக்கின்றன. இந்த வகையை இயக்க பைலட் உரிமம் தேவையில்லை. தடை செய்யப்பட்ட வான்பகுதிகளுக்கான கட்டுப்பாடு நானோவுக்கும் பொருந்தும். இங்கே எடை என்பது பேட்டரி உட்பட, பறக்கும் நிலையில் உள்ள மொத்த எடை.

சொந்தமாகக் குவாட்காப்டர் கட்டும் ஆர்வலர்களுக்கும் அந்த எண்தான் எல்லைக்கோடு. மோட்டாரும் பேட்டரியும் கேமராவும் கடையில் வாங்குபவை. அவற்றின் எடையைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர மாற்ற முடியாது. கட்டுபவர் கையில் முழுதாக இருப்பது பிரேம் ஒன்றுதான். ஆகவே வடிவமைப்பு பிரேமின் படத்தில் தொடங்குவதில்லை, எடைப் பட்டியலில் தொடங்குகிறது.

மூன்று அங்குல புரொபெல்லர் கொண்ட ஒரு ட்ரோனை எடுத்துக்கொள்வோம். இதற்குப் பொருந்தும் மோட்டார்களில் ஒன்று ‘1404’ என்ற அளவு. முதல் இரண்டு இலக்கங்கள் உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்பதையும், அடுத்த இரண்டும் அதன் உயரம் 4 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கின்றன. ஒரு மோட்டார் ஏறத்தாழ ஒன்பதரை கிராம், நான்குக்கு 38. புரொபெல்லர்கள் நான்கும் சேர்ந்து 6. பறப்பைக் கட்டுப்படுத்தும் போர்டும் மோட்டார்களை ஓட்டும் மின்சுற்றும் ஒன்றாக அமைந்த பலகை 10. கேமரா, படம் அனுப்பும் கருவி, ஆன்டெனா மூன்றும் 29. ரிசீவர் 2. வயர், கெப்பாசிட்டர், பேட்டரி இணைப்பான் 8. ஜிபிஎஸ், பஸ்ஸர் 10. பேட்டரியைக் கட்டும் பட்டை 4. நான்கு செல், 850 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பேட்டரி சுமார் 100 கிராம்.

கூட்டினால் 207. எல்லை 249 என்று வைத்தால் மிச்சம் 42 கிராம். இதில் 8 கிராமைத் தொடாமல் ஒதுக்கி வைப்பது நல்லது. ஈயப்பற்று, வயரின் கூடுதல் நீளம், பேட்டரிக்குப் பேட்டரி வரும் எடை வித்தியாசம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். பிரேமுக்குக் கிடைப்பது 34 கிராம். தகடுகள், தூண்கள், திருகுகள், கேமராவைப் பிடிக்கும் துண்டுகள் அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்த கேள்வி கையின் நீளம். குறுக்கே எதிரெதிராக உள்ள இரண்டு மோட்டார்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை ‘வீல்பேஸ்’ என்கிறார்கள். நான்கு மோட்டார்களும் சதுரத்தின் மூலைகளில் இருந்தால், வீல்பேஸை 1.414 ஆல் வகுத்தால் அடுத்தடுத்த மோட்டார்களுக்கு இடையிலான தூரம் கிடைக்கும். மூன்று அங்குல புரொபெல்லரின் விட்டம் 76.2 மில்லிமீட்டர். எனவே புரொபெல்லர்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க வீல்பேஸ் 108-ஐத் தாண்டினாலே போதும். 140 மில்லிமீட்டர் வைத்தால் மோட்டார்களுக்கு இடையே 99 வருகிறது. இரண்டு புரொபெல்லர்களின் நுனிகளுக்கு நடுவே 23 மில்லிமீட்டர் காலியிடம். தாராளமாகத் தெரிகிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எடை நடுவில் குவிந்திருந்தால் ட்ரோன் விரைவாகத் திரும்பும் என்பதால் பேட்டரியைத் தாழ்வாக வைப்பார்கள். மேல்தகட்டைத் தாங்கும் தூண்கள் 12 மில்லிமீட்டர் என்றால், பேட்டரியின் அடிப்பாகம் கிட்டத்தட்ட புரொபெல்லர் சுழலும் மட்டத்திலேயே அமைகிறது. பேட்டரி 65 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம். மையத்திலிருந்து அதன் மூலை பக்கவாட்டில் 15, முன்னால் 32.5 மில்லிமீட்டரில் இருக்கும். 140 வீல்பேஸில் மோட்டார் மையம் 49.5, 49.5 என்ற இடத்தில். இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பித்தாகரஸ் தேற்றப்படி கணக்கிட்டால் 38.5 மில்லிமீட்டர். புரொபெல்லரின் ஆரமோ 38.1.

அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. பேட்டரியைக் கட்டும் பட்டையின் தடிமனே அதைவிட அதிகம். வேகமாகத் திரும்பும்போது புரொபெல்லர் கொஞ்சம் வளையும். பேட்டரியும் இடம் நகரும். தொட்டால் புரொபெல்லர் உடையும், அல்லது லித்தியம் பேட்டரியின் உறை கிழியும். இரண்டாவது நடந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

வீல்பேஸை 150 ஆக்கினால் மோட்டார் மையம் 53, 53-க்கு நகர்கிறது. அதே கணக்கில் தூரம் 43.2, இடைவெளி ஐந்து மில்லிமீட்டர். ஒவ்வொரு கையும் 5 மில்லிமீட்டர் நீண்டதற்கான விலை என்ன? கை 9 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டால், ஒரு கன சென்டிமீட்டர் கார்பன் ஃபைபர் தகட்டின் எடை ஏறத்தாழ 1.6 கிராம் என்பதால், நான்கு கைகளுக்கும் சேர்த்துக் கூடுவது ஒரு கிராமுக்கும் குறைவு.

எடையில் அதிகம் போகவில்லை, விறைப்பில் போகிறது. ஒருமுனை பிடிக்கப்பட்ட கை வளையும் அளவு அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். உடல் தகட்டிலிருந்து மோட்டார் மையம் வரை 45 மில்லிமீட்டராக இருந்த கை 50 ஆனால், அதே விசைக்கு 37 சதவீதம் அதிகமாக வளையும். இதை ஈடுகட்டத் தடிமனைத்தான் நாட வேண்டும். அடிக்கோலைப் படுக்கையாகப் பிடித்து அழுத்தினால் எளிதில் வளைகிறது; விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் அசையாது. அதே காரணத்தால் கையின் விறைப்பு அகலத்துக்கு நேராகவும், தடிமனுக்கு மும்மடியாகவும் கூடும். இரண்டரை மில்லிமீட்டர் தகட்டிலிருந்து மூன்றுக்கு மாறினால் எடை 20 சதவீதம் கூடும், விறைப்போ 73 சதவீதம் கூடும். கீழ்த்தகடு முழுவதையும் மூன்றில் வெட்டினால் 17 கிராம், இரண்டரையில் 14. ஏறக்குறைய மூன்று கிராமைச் செலவழிக்க இதைவிடச் சரியான இடம் இந்தப் பிரேமில் இல்லை.

விறைப்பைச் செலவில்லாமல் பெற இன்னொரு வழியும் உண்டு. கார்பன் ஃபைபர் தகட்டில் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குறுக்கு நெடுக்காக ஓடும். எக்ஸ் வடிவப் பிரேமைத் தகட்டின் விளிம்புக்கு நேராக வைத்து வெட்டினால், கைகள் இழைகளுக்கு 45 பாகை சாய்ந்துவிடும். அந்தத் திசையில் தகடு மிகவும் பலவீனம். வெட்டும் கோப்பில் கீழ்த்தகட்டின் படத்தை 45 பாகை திருப்பி வைத்தால் ஒவ்வொரு கையிலும் இழைகள் நீளவாக்கில் அமையும். தகட்டில் சற்று வீணாகும், அவ்வளவுதான்.

கையின் நுனியில் மோட்டார் அமரும் வட்டம். 1404 மோட்டார்களில் பொதுவாக 9 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் எம்2 திருகுக்கான நான்கு துளைகள் இருக்கும். வாங்கும் மோட்டாரின் வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்வது அவசியம். தகட்டில் துளையை 2.2 மில்லிமீட்டராக வைத்தால், அதன் வெளிவிளிம்பு மையத்திலிருந்து 5.6 மில்லிமீட்டரில் வரும். துளைக்கு வெளியே குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் கார்பன் இல்லாவிட்டால் முதல் மோதலிலேயே அந்த ஓரம் பிய்ந்துவிடும். ஆகவே வட்டத்தின் விட்டம் 16 மில்லிமீட்டர். மோட்டார் தண்டின் கீழ்முனை தகட்டில் உரசாதிருக்க நடுவில் ஒரு துளையும் தேவை. ஒன்பது மில்லிமீட்டர் கை 16 மில்லிமீட்டர் வட்டத்தைச் சேரும் இடத்தைக் கூர்மூலையாக விடாமல் வளைவாக வரைய வேண்டும்; கைகள் முறிவது பெரும்பாலும் இத்தகைய மூலைகளில்தான்.

திருகின் நீளத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தகடு 3 மில்லிமீட்டர் என்றால், 5 மில்லிமீட்டர் திருகு மோட்டாருக்குள் 2 மில்லிமீட்டர் நுழையும், அது போதும். 6 அல்லது 7 மில்லிமீட்டர் திருகைப் போட்டால் அதன் நுனி செம்புக் கம்பிச் சுருளைத் தொட்டு, மேல்பூச்சைக் கிழித்துவிடக்கூடும். பிறகு மின்சாரம் கார்பன் தகடு வழியாகப் பாயும், ஏனெனில் கார்பன் மின்கடத்தி. பேட்டரியை இணைக்கும் முன், மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டார் வயரிலும் மறுமுனையைத் திருகிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ‘பீப்’ ஒலித்தால் திருகு நீளம்.

இப்போது பிரேமின் கணக்கை முடிக்கலாம். கீழ்த்தகடு 17, ஒன்றரை மில்லிமீட்டர் மேல்தகடு 4, கேமராவின் இருபக்கத் தகடுகள் 2, அலுமினியத் தூண்கள் 3, திருகுகள் 5, முப்பரிமாண அச்சில் எடுத்த ரப்பர் போன்ற டிபியு துண்டுகள் 3. மொத்தம் 34. இதில் திருகுகளின் 5 கிராமைத்தான் பட்டியல் போடும்போது பலரும் மறந்துவிடுகிறார்கள். மோட்டார்களுக்கு மட்டுமே பதினாறு திருகுகள் வேண்டும்.

பிரேம் போதிய விறைப்புடன் இருக்கிறதா என்பது பறக்கவிட்ட பிறகே தெரியும். ஒரு நிமிடம் பறந்து இறங்கியதும் மோட்டார்களைத் தொட்டுப் பார்ப்பது முதல் சோதனை. தொடமுடியாத சூடு என்றால், ஜைரோ உணரி அதிர்வை அசைவு என்று நம்பி, கட்டுப்பாட்டுப் போர்டு மோட்டார்களை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். உறுதிப்படுத்த, பீட்டாஃபிளைட் மென்பொருளின் ‘பிளாக்பாக்ஸ்’ பதிவு உதவும். அதில் ஜைரோவின் அதிர்வெண் வரைபடத்தைத் திராட்டிலுக்கு எதிராக வைத்துப் பார்க்க வேண்டும். மோட்டாரும் புரொபெல்லரும் தரும் அதிர்வு திராட்டில் கூடக்கூட மேல் அதிர்வெண்ணுக்கு ஏறும். திராட்டில் எப்படி மாறினாலும் ஒரே அதிர்வெண்ணில் அசையாமல் நிற்கும் கோடு, பிரேமின் சொந்த அதிர்வு. தளர்ந்த திருகு, தகட்டுக்குள் ஏற்பட்ட விரிசல், மெலிந்த கை ஆகிய மூன்றில் ஒன்று அதற்குக் காரணமாக இருக்கலாம். எளிதானதிலிருந்து தொடங்கித் திருகுகளை முதலில் பார்ப்பது வழக்கம். கைகளே காரணம் என்றால் வடிகட்டிகளைக் கூட்டி மறைக்கலாம், ஆனால் ட்ரோனின் துடிப்பு மந்தமாகும். ஒதுக்கி வைத்த எட்டு கிராமில் சிலவற்றை எடுத்துக் கையின் அகலத்தைக் கூட்டுவது மேல்.

மோதலுக்குப் பிறகு கைகளின் விளிம்பை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடுக்குகள் பிரிந்திருந்தால் விளிம்பில் வெண்மையான கோடு தெரியும். நாணயத்தால் தட்டினால் மற்றக் கைகள் ‘டிக்’ என்று ஒலிக்க, இது மந்தமாக ஒலிக்கும். வெட்டிய உடனேயே விளிம்புகளை நீரில் நனைத்து உப்புத்தாளால் தேய்த்து, சூப்பர் க்ளூவால் பூசிவிட்டால் அடுக்குகள் எளிதில் பிரியாது. உலர்வாகத் தேய்த்தால் கார்பன் தூள் நுரையீரலுக்குள் போகும். நனைத்துத் தேய்த்தாலும் முகக்கவசம் வேண்டும்.

கை முறிந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளும்படி தனித்தனிக் கைகள் வைப்பது இன்னொரு மரபு. டீம் பிளாக்‌ஷீப் நிறுவனம் தன் ஐந்து அங்குல ‘சோர்ஸ் ஒன்’ பிரேமை அப்படித்தான் வடிவமைத்து, வரைபடங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. ஆனால் தனிக் கைகளை இறுக்கிப் பிடிக்க நடுவில் கூடுதல் தகடும் திருகுகளும் தேவைப்படும். 34 கிராமில் அதற்கு இடமில்லை. ஒரே துண்டுக் கீழ்த்தகட்டைத் தேர்ந்தவர்கள், வெட்டக் கொடுக்கும்போதே அதில் இன்னொன்றையும் சேர்த்து வெட்டி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.