உங்களுக்குத் தெரியுமா? ஒரு யூனிட் எத்தனை மணி நேரம் ஓடும்?

● இ.பி. கணக்கில் ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. அதனால் வீட்டில் உள்ள எந்தக் கருவிக்கும் ஒரே கணக்குதான்: 1000-ஐ அதன் வாட்டால் வகுத்தால், ஒரு யூனிட்டில் அது எத்தனை மணி நேரம் ஓடும் என்று கிடைத்துவிடும். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 111 மணி நேரம். அதாவது நாலரை நாளுக்கும் மேல் இரவு பகலாக எரியும். 750 வாட் மிக்ஸிக்கு 1 மணி 20 நிமிடம். 2000 வாட் கீசருக்கு அரை மணி நேரம்தான்.

● இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணில் படவேண்டியது சீலிங் ஃபேன். பழைய ரக ஃபேன் முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். ஒரு யூனிட்டுக்கு 13 மணி 20 நிமிடம் ஓடும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட்டில் சுழல்கிறது. அதே யூனிட் கிட்டத்தட்ட 36 மணி நேரத்துக்கு வரும். தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தினம் 12 மணி நேரம் ஓடும் ஃபேன் அந்த 60 நாளில் 720 மணி நேரம் சுற்றியிருக்கும். பழையது 54 யூனிட் தின்றிருக்கும், புதியது 20 யூனிட். இரண்டு மாதத்துக்கு வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச அளவு 100 யூனிட் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஃபேன் கீசரைவிடச் சின்னக் கருவிதான். ஆனால் நாளெல்லாம் ஓடுகிறதே, அதனால்தான் இவ்வளவு ஏறுகிறது.

● ஒரு ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் என்றால் 746 வாட். ஆகவே ஒரு யூனிட்டுக்கு 1 மணி 20 நிமிடம் ஓடும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. ஹெச்.பி. என்பது மோட்டார் தன் சுழலும் தண்டில் வெளியே கொடுக்கும் வேலை. மீட்டரிலிருந்து எடுப்பது அதைவிட அதிகம். எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வேலையாகிறது என்று வைத்துக்கொண்டால், மோட்டார் சுமார் 1120 வாட் இழுக்கும். யூனிட் 54 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

● கீசருக்கு 'அரை மணி நேரம்' என்பது ஹீட்டர் விளக்கு எரியும் நேரத்துக்கு மட்டும். தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் இணைப்பைத் துண்டித்துவிடும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.6 யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை; 2000 வாட் கீசர் அதை 18 நிமிடத்தில் முடித்துவிடும். அதன்பின் சுவிட்சை அணைக்காமல் விட்டால், தொட்டி ஆற ஆறக் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும்.

● அதே கீசர், வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஒரு யூனிட்டை 49 நிமிடத்துக்கு நீட்டும். எழுதியிருக்கும் 2000 வாட் என்பது 230 வோல்ட்டுக்கான அளவு. 180 வோல்ட் வரும்போது அது ஏறத்தாழ 1225 வாட்தான் எடுக்கும். இதில் லாபம் எதுவும் இல்லை. 18 நிமிடத்தில் சூடாக வேண்டிய தண்ணீருக்கு இப்போது அரை மணி நேரம் ஆகும். செலவு அதே 0.6 யூனிட்.

● ஃபிரிட்ஜுக்கு வாட்டை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. 150 வாட் என்று போட்டிருந்தால் 6 மணி 40 நிமிடம் என்று விடை வரும். உண்மை அதற்குப் பக்கத்தில்கூட இருக்காது. கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும். கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். 200 யூனிட் என்றால், ஆண்டின் 8760 மணி நேரத்தை 200-ஆல் வகுக்க, ஒரு யூனிட்டுக்கு சுமார் 44 மணி நேரம். அடிக்கடி திறக்கும் வீட்டில், வெயில் காலத்தில், இது குறையும்.

● வாட் எழுதிய ஸ்டிக்கர் கிழிந்துபோன கருவியா? உங்கள் வீட்டு மீட்டரே அளந்து சொல்லும். எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். இப்படிச் செய்து பாருங்கள்:

முதலில் வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர் பிளக்குகளையும் மறக்க வேண்டாம். இன்வெர்ட்டரும் முக்கியம், பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் கணக்கே கெட்டுவிடும். மீட்டர் விளக்கு மின்னாமல் நிற்கிறதா என்று சில நிமிடம் கவனியுங்கள். பிறகு அளக்க வேண்டிய ஃபேனை மட்டும் முழு வேகத்தில் போடுங்கள். ஒரு மின்னல் வந்ததும் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, அதைப் பூஜ்யம் என்று எண்ணி, பத்தாவது மின்னலில் நிறுத்துங்கள். 140 விநாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மின்னலுக்கு 14 விநாடி. 3200 மீட்டருக்கு 1125 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். அதை விநாடியால் வகுத்தால் வாட்.

```
1125 ÷ 14 = 80 வாட்
1000 ÷ 80 = 12.5 மணி நேரம்
```

மீட்டரில் 1600 என்றிருந்தால் 1125-க்குப் பதில் 2250. 6400 என்றால் 562.5. வேறு எண் என்றால் 36,00,000-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளலாம். கீசர் போல ஒரு விநாடிக்குள் மின்னும் கருவிக்குப் பத்து மின்னல் போதாது. நூறு எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும்.

● எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அந்த விளக்கு மின்னினால், எங்கோ ஏதோ ஒன்று மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மறந்துபோன பிளக் ஒன்றாக இருக்கலாம், பழைய ஒயரிங்கில் கசிவாகவும் இருக்கலாம். பிளக் எதுவும் அகப்படாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிடுங்கள். கசிவு பில்லை ஏற்றுவதோடு நிற்காது. சுவரில் கை வைத்தவருக்கு ஷாக் அடிக்கும்.

● பழைய பெட்டி ரெகுலேட்டரில் ஃபேன் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் பெரிதாக மிச்சமாகாது. மிச்சமாக வேண்டியதில் பெரும்பங்கு ரெகுலேட்டரிலேயே சூடாகப் போய்விடும். தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படியல்ல. மேலே சொன்ன மின்னல் கணக்கை இரண்டாம் எண்ணிலும் ஐந்தாம் எண்ணிலும் போட்டுப் பார்த்தால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

● டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது 10 வாட் எடுப்பதாக இருந்தால் ஒரு யூனிட்டுக்கு 100 மணி நேரம். இரண்டு மாதத்தில் 1440 மணி நேரம். 14 யூனிட்டுக்கு மேல். அதாவது இலவச 100 யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு. இரவு படுக்கப் போகும்போது அதன் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.