ஒடுக்கிய படமும் வட்டத் தட்டும்

1973இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதலாவது சினிமாஸ்கோப் படமாகும். அகன்ற காட்சியை வழக்கமான படச்சுருளில் அடக்குதற்கு, அனமோர்பிக் வில்லை அகலத்தை மட்டும் பாதியாக ஒடுக்கும். திரையிடும் கருவியின் வில்லை அதனை மீண்டும் விரிக்கும். இன்று அவ்விரிப்பைக் கணினியிற் படம் தொகுப்போரே செய்கின்றனர்.

2 மடங்கு ஒடுக்கும் வில்லையால் எடுத்த படம் 2880 × 2160 புள்ளிகள் உடையதெனக் கொள்வோம். அகலத்தை இரட்டித்தால் 5760 × 2160 ஆகும். உயரத்தைப் பாதியாக்கினால் 2880 × 1080 ஆகும். விகிதம் இரண்டிலும் ஏறத்தாழ 2.67:1 தான். பின்னைய முறையிற் புதிய புள்ளிகளைக் கற்பிக்க வேண்டியதில்லை.

பலர் வழுவுமிடம் வேறு. கல்முனைக் கடைத்தெருவை இரவிற் படம்பிடித்தால், குவியத்துக்கு அப்பாலுள்ள விளக்குகள் சரியாக விரித்தபின்பும் நெடிய முட்டைவடிவாகவே நிற்கும். அவ்வில்லையின் குவியத்தூரம் கிடையாகவும் நிலையாகவும் வேறுபடுதலின், மங்கலின் அளவும் வேறுபடுகின்றது. அவற்றை வட்டமாக்கக் கருதி மேலும் விரித்தால் முகங்கள் பருத்துவிடும்.

ஆதலின், நடிப்பவர் நிற்குமிடத்தில் வட்டத் தட்டொன்றை வில்லைக்கு நேராகப் பிடித்து, தெளிவாகப் படமெடுத்து, அது வட்டமாகும் வரை விரிப்பதே தக்க சோதனை. பழைய வில்லைகள் பல அண்மையிற் குறைவாகவே ஒடுக்கும். அங்கு 2 மடங்கு மிகையாகும். தூரம் மாறுந்தோறும் தட்டையும் மீண்டும் எடுத்தல் வேண்டும்.